கடன் தீர்ந்து 49 நாள் ஆகிறது, என் வீட்டு நகையைத் திருப்பிக் கொடுங்கள்

மார்த்தாண்டம் பகுதியில் நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையின் மேலாளர் அவர்களுக்கும், அவருக்கு மேலே இருக்கும் மண்டல அலுவலகத்துக்கும்,

2025 மே 26ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை 11.40க்கு என் நகைக்கடனின் கடைசி ரூபாய் வரை கட்டி முடித்தேன். ரசீது கையில் இருக்கிறது. கடன் முடிந்தது என்று உங்கள் வங்கியே என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பியது. இன்று ஜூலை 14. நகை இன்னும் உங்கள் பெட்டகத்தில் இருக்கிறது.

கிளையின் பெயரையும் யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. எந்தக் கிளை, எந்தக் கடன் என்பது உங்களுக்குத் தெரியும். நேரில் ஐந்து முறை கேட்டேன், இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், ஒரு வரி பதில்கூட வரவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கடன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4417. விவசாய நகைக்கடன். 2024 டிசம்பர் 12 அன்று 2,20,000 ரூபாய், ஆண்டுக்கு 10.5 சதவீத வட்டி, 12 மாதத் தவணை. வைத்த நகை மூன்று வகை: ஒரு காசுமாலை 24.2 கிராம், ஒரு செயின் 16 கிராம், ஒரு ஜோடி வளையல் 10 கிராம். மொத்த எடை 50.2 கிராம். காசுமாலையில் உள்ள கல்லுக்கும் அரக்குக்கும் 3.8 கிராம் கழித்து, நிகர எடை 46.4 கிராம் என்று உங்கள் மதிப்பீட்டாளர் எழுதினார். ஆறு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. இதெல்லாம் நீங்கள் தந்த நகைச் சீட்டில் அப்படியே இருக்கிறது.

கட்டியது இரண்டு தவணையாக. ஏப்ரல் 21 அன்று ஒரு லட்சம். அதில் அன்று வரைக்குமான 130 நாள் வட்டி 8,227 ரூபாய் போக, மீதி அசலில் கழிந்து 1,28,227 ரூபாய் நின்றது. அதற்கு மே 26 வரை 35 நாள் வட்டி 1,291 ரூபாய். இரண்டும் சேர்த்து 1,29,518 ரூபாயை அன்று கட்டினேன். இரண்டு தொகையும் உங்கள் கிளையிலேயே இருக்கும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து போனவை. பாஸ் புத்தகத்திலும் பதிவாகியிருக்கிறது. கடன் கணக்கில் பாக்கி பூஜ்யம். இதில் ஒரு ரூபாய்கூடக் குறைவு என்று நீங்களும் இதுவரை சொல்லவில்லை.

நான் தேனீ வளர்ப்பவன். 180 பெட்டி வைத்திருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்த்து, பிறகு தளிர் விடும். அந்தத் தளிர் முற்றும் நேரத்தில் இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும், பூவில் இல்லை. மாசியும் பங்குனியும் எங்களுக்கு ஆண்டின் அறுவடை. அதற்கு முன்னால் கூட்டங்களைப் பிரித்துப் பலப்படுத்தி, சட்டங்களைச் சரி பார்த்து, பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கத் தோட்டங்களில் கொண்டு வைக்க வேண்டும். செலவெல்லாம் டிசம்பரில், வரவெல்லாம் ஏப்ரலுக்குப் பிறகு. நடுவில் இருக்கும் அந்த நாலு மாதத்தைத் தாண்ட வைப்பது வீட்டில் இருக்கும் நகைதான். எங்கள் பக்கத்தில் அடகு என்று சொல்வதைவிடப் பணயம் வைப்பது என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு டிசம்பரிலும் பணயம் வைப்பேன், ஒவ்வொரு மேயிலும் திருப்புவேன். உங்கள் கிளையிலேயே தொடர்ந்து ஆறு வருடம் இப்படித்தான் நடந்தது. ஒரு வருடமும் தவணை தாண்டியது இல்லை.

அந்த நகை என்னுடையது இல்லை, என் மனைவியுடையது. காசுமாலை அவளுடைய பாட்டி போட்டிருந்தது. அதில் ஒரு காசின் வளையம் எப்போதோ அறுந்து, வேறு நிறத் தங்கத்தில் பற்று வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 12 அன்று மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்த்தபோது அந்த இடத்தில் மட்டும் கோடு கொஞ்சம் வெளிறி விழுந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பற்று வைத்த கதையைச் சொன்னேன். சரி என்று சீட்டின் ஓரத்தில் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு என் முன்னாலேயே துணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, மேலே கடன் எண் எழுதிய அட்டையைக் கோர்த்தார். அந்தப் பையை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மே 26 அன்று நடந்ததையும் சொல்கிறேன். பணம் கட்டியதும் நகை எடுக்கும் சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும், ஒருவர் வெளியே போயிருக்கிறார், மூன்று மணிக்கு வாருங்கள் என்றார்கள். அது நியாயமான காரணம். ஒருத்தர் கையில் மொத்தச் சாவியும் இருக்கக் கூடாது என்பது நகை வைத்த எங்களுக்கும் பாதுகாப்புதானே. மூன்று மணிக்குப் போனேன். இரண்டு பேரும் இருந்தார்கள். ஆனால் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒரு லியன் காட்டுது அண்ணா, மேலே கேட்கணும்" என்றார்கள். லியன் என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நம் பொருளை இன்னொரு பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் உரிமை என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாள் போனேன். மண்டல அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது என்றார்கள். மே 28, மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. ஜூன் 2 அன்றுதான் மேலாளர் அவர்களே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காரணத்தைச் சொன்னார்கள். 2022 ஆகஸ்டில் என் கூட்டுக்காரர் ஒருவர் உங்கள் கிளையில் சரக்கு ஆட்டோ வாங்க மூன்றரை லட்சம் கடன் எடுத்தார். அதற்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். போன ஐப்பசியில் அவர் விபத்தில் சிக்கிக் கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டார். நவம்பரிலிருந்து தவணை போகவில்லை. பாக்கி 1,84,000 ரூபாய். அது தீரும் வரை என் நகையைத் தர முடியாது என்றீர்கள்.

ஜாமீன் போட்டது உண்மை. அதை நான் மறுக்கவில்லை, எங்கேயும் மறுக்கப் போவதும் இல்லை. கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்று ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடனுக்காக என்னிடம் நீங்கள் முறையாகக் கேட்டால் முறையாகப் பதில் சொல்வேன். ஆனால் இன்று வரை அந்தக் கடன் பற்றி என் பெயருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது இல்லை. தவணை நின்று எட்டு மாதம் ஆகிறது, ஒரு தபால் அட்டை இல்லை, ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. அந்தக் கடனுக்கு ஈடாக இருக்கும் ஆட்டோ அவர் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. அதையும் யாரும் வந்து பார்க்கவில்லை. வேறொரு கடனுக்கு வேறொரு நாளில் வைத்து, முழுதாகக் கட்டித் தீர்த்த நகையை மட்டும் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நகைக்கடன் தந்தது டிசம்பர் 12. அவருடைய தவணை நின்றது நவம்பரில். அதாவது எனக்குக் கடன் தரும் அன்றே அவர் பாக்கிதாரர், நான் அவருடைய ஜாமீன்தாரர் என்பது உங்கள் கணினியில் இருந்தது. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நகையை வேறு இடத்தில் வைத்திருப்பேன், அல்லது முதலில் அவருடைய கணக்கைச் சரி செய்ய ஏதாவது வழி பார்த்திருப்பேன். அன்று ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துவிட்டு, கட்டி முடித்த பிறகு சொல்கிறீர்கள்.

ஜூன் 2 அன்று மேலாளர் அவர்கள் ஒரு சட்டப் பிரிவையும் சொன்னீர்கள், 171. அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு குழித்துறை நீதிமன்றத்தில் இருக்கும் எங்கள் உறவுக்கார வழக்கறிஞரிடம் போனேன். அவர் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து வைத்து, என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். 171ஆம் பிரிவு வங்கிகளுக்கு ஒரு பொது உரிமை தருகிறது, உண்மைதான். வாடிக்கையாளர் ஒப்படைத்த பொருளை, அவர் கணக்கின் மொத்த பாக்கிக்கு ஈடாக வங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு மாறான ஒப்பந்தம் இல்லாதபோது மட்டும்தான். அதே சட்டத்தில் மூன்று பிரிவு தள்ளி 174 இருக்கிறது. அது அடகுக்கென்றே எழுதியது. எந்தக் கடனுக்காகப் பொருளை அடகு வைத்தாரோ அந்தக் கடன் தவிர வேறு கடனுக்காக, அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லாமல், அடகு பிடித்தவர் அந்தப் பொருளை வைத்துக்கொள்ளக் கூடாது. அடகு வைத்த பிறகு அதே ஆளுக்கு மேற்கொண்டு கடன் கொடுத்திருந்தால் மட்டும், மாறாக எதுவும் இல்லாதபோது, அப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். என் கதையில் அந்த விதிவிலக்குக்கும் இடம் இல்லை. ஆட்டோக் கடன் நகைக்கடனுக்கு இரண்டு வருடம் முந்தியது. அந்தப் பணம் எனக்கு வந்ததும் இல்லை.

171 என் ஜாமீன் பொறுப்பு வரைக்கும் நீளுமா, 174 அதைத் தடுக்குமா என்பதை ஒரு நீதிமன்றம் இரண்டு பக்கத்தையும் கேட்டுச் சொல்லலாம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாய்வார்த்தையாகச் சொல்லி முடித்துவிடும் விஷயம் இல்லை அது.

ஒருவேளை நான் கையெழுத்துப் போட்ட படிவத்தில், வேறு எந்தப் பொறுப்புக்காகவும், ஜாமீன் பொறுப்புக்காகவும்கூட நகையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கலாம். அப்படிப்பட்ட வரி சில வங்கிப் படிவங்களில் இருக்கும் என்று வழக்கறிஞர் சொன்னார். என் வழக்கின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். எனக்குத் தெரியாது. டிசம்பரில் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். நகல் தரவில்லை. ஜூன் 9 கடிதத்தில் அந்த நகலைத்தான் முதலாவதாகக் கேட்டிருந்தேன். அந்த வரி இருக்கிறது என்றால் அதைக் காட்டுவதில் உங்களுக்கு என்ன தடை? இல்லை என்றால் எதை வைத்து நகையை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?

அந்த வரி இருந்தாலும்கூட நீங்கள் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை. கடன் கொடுப்பவர்கள் நடந்துகொள்ள வேண்டிய நியாயமான முறை பற்றி ரிசர்வ் வங்கி 2003 மே 5 அன்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கடன் தீர்ந்ததும் ஈட்டைத் திருப்பித் தர வேண்டும், வேறு பாக்கிக்காக நியாயமான உரிமை ஏதும் இருந்தால் மட்டுமே நிறுத்தலாம் என்பது அதில் ஒரு பகுதி. அதோடு நிற்கவில்லை. அப்படி நிறுத்துவதாக இருந்தால் கடன்தாரருக்கு நோட்டீஸ் தர வேண்டும். மீதமிருக்கும் பாக்கிகளின் முழு விவரமும், எந்த ஆவணத்தின் பேரில் ஈட்டை வைத்திருக்கிறீர்கள் என்பதும் அந்த நோட்டீஸில் இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இருக்கும் விதி இது. எனக்கு வந்தது "லியன் காட்டுது அண்ணா" என்ற மூன்று சொல் மட்டும்.

இந்த வேறுபாட்டை நான் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. எழுத்தில் தந்தால் அதில் ஒரு தொகை இருக்கும், ஒரு பிரிவு இருக்கும், ஒரு கையெழுத்து இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய்ச் சரியா தவறா என்று கேட்க எனக்கு வழி உண்டு. வாயால் சொன்னால் நான் எங்கே போய் எதைக் காட்டுவேன்? உங்கள் கிளையில் இதே காரணத்துக்காக நகை நிற்கும் ஆட்கள் வேறு இருவரை எனக்கே தெரியும். ஒருத்தர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், இன்னொருத்தர் குளச்சல் கடற்கரையில் மீன் விற்கிற அம்மா. இரண்டு பேரிடமும் ஒரு தாளும் இல்லை. அந்த அம்மா தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த ஜூன் 6ஆம் தேதி தங்க, வெள்ளி ஈட்டுக் கடன்களுக்காக ரிசர்வ் வங்கி புது நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. கடன் முழுதும் தீர்ந்த அன்றே, அதிகம் போனால் ஏழு வேலை நாளுக்குள், நகையைத் திருப்பித் தர வேண்டும். கடன் கொடுத்தவர் பக்கத் தவறால் தாமதம் ஆனால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இதைச் செய்தித்தாளில் பார்த்ததும் பலரும் எனக்கு அனுப்பி, "49 நாளுக்கு உனக்கு ரெண்டு லட்சம் வரும்" என்றார்கள். நான் அதைக் கேட்கவில்லை. அந்த நெறிமுறைகளை நடைமுறைக்குக் கொண்டு வர வங்கிகளுக்கு 2026 ஏப்ரல் 1 வரை நேரம் இருக்கிறது, அதற்கு முன்பு கொடுத்த கடன்களுக்குப் பழைய விதியே பொருந்தும் என்றும் அதிலேயே இருக்கிறது. என் கடன் பழையது. இல்லாத உரிமையைக் கேட்டு, இருக்கும் உரிமையை நான் பலவீனமாக்க விரும்பவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: நகையைத் திருப்பித் தர எத்தனை நாள் போதும் என்று ரிசர்வ் வங்கி நினைக்கிறது என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது. அது ஏழு வேலை நாள். நீங்கள் 49 நாள் எடுத்துவிட்டீர்கள்.

இந்த 49 நாளில் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். மேயில் நகை திரும்பியதும் ஜூனில் அதில் செயினை மட்டும் மறுபடி வைத்து மகளின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவது வழக்கம். அதோடு ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் தேனீக்குப் பஞ்ச காலம். மழையில் பூ இல்லை, சர்க்கரைப் பாகு காய்ச்சி வைக்காவிட்டால் கூட்டம் பெட்டியை விட்டு ஓடிப்போகும். பெட்டிக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை என்றால் 180 பெட்டிக்கு 36 கிலோ. இந்த வருடம் செயின் கையில் இல்லாததால், ஊரில் ஒருவரிடம் 40,000 ரூபாயை நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினேன். மாதம் 800 ரூபாய். உங்கள் வட்டியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உங்களிடம் என் வீட்டு நகை, இன்றைய விலைக்கு, பவுன் 72,000 ரூபாய்க்கு மேல் போகும்போது, நாலு லட்சத்துக்கும் மேலே பெறுமானத்தில் சும்மா கிடக்கிறது. நீங்கள் காட்டும் பாக்கியே அதில் பாதிகூட இல்லை.

என் மனைவி என்னைக் குறை சொல்லவில்லை. முதல் வாரம் நான் வீட்டுக்குள் நுழையும்போது கையைப் பார்ப்பாள். இப்போது பார்ப்பதில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டது நான், மாலை அவளுடையது. அவளிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. அந்தக் கூட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கால் சரியாகி வண்டி ஓட்டத் தொடங்கினால் கட்டிவிடுவார். தவணையை மாற்றி அமைத்துத் தரச் சொல்லி அவரே உங்களுக்கு எழுதியிருக்கிறார். அதற்கும் பதில் இல்லை.

நான் எழுதிக் கொடுத்தவற்றின் விவரம் இது. ஜூன் 9 அன்று கிளையில் கொடுத்த கடிதம். முதலில் வாங்க மறுத்து, பிறகு நகலில் வரவு முத்திரையும் தேதியும் வைத்துத் தந்தார்கள். ஜூன் 20 அன்று மண்டல அலுவலகத்துக்குப் பதிவுத் தபால். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்திருக்கிறது. முதல் கடிதம் கொடுத்து 30 நாள் ஜூலை 9ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக எனக்கு இப்போது வழி திறந்திருக்கிறது. புகார் இலவசம், cms.rbi.org.in தளத்தில் பதியலாம். மனுவைத் தயார் செய்து, நகைச் சீட்டு, இரண்டு ரசீது, பாஸ் புத்தகப் பக்கம், முத்திரை வைத்த நகல், ஒப்புகை அட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் உங்களுக்கு இன்னொரு முறை எழுதுவது ஆறு வருடப் பழக்கத்துக்காக.

நான் கேட்பது இவைதான்.

கடன் எண் 4417க்கு ஈடாக வைத்த மூன்று நகைகளையும் ஜூலை 23ஆம் தேதிக்குள் திருப்பித் தாருங்கள். தரும்போது துணிப்பையின் அரக்கு முத்திரையை என் முன்னாலும் என் மனைவியின் முன்னாலும் உடைத்து, ஒவ்வொரு நகையையும் தனித்தனியாக எடை போட்டு, சீட்டில் உள்ள 24.2, 16, 10 கிராமோடு ஒப்பிட்டு, அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள். காசுமாலையில் பற்று வைத்த காசு இருக்கிறதா என்பதை அவளே பார்த்துச் சொல்வாள்.

தர முடியாது என்பதுதான் உங்கள் முடிவு என்றால், அதே தேதிக்குள் அதை எழுத்தில் தாருங்கள். என்னிடம் எவ்வளவு பாக்கி கேட்கிறீர்கள், எந்தக் கணக்கில், எந்த ஆவணத்தின் எந்த வரியின் பேரில் நகையை வைத்திருக்கிறீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும். கீழே ஓர் அதிகாரியின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

டிசம்பர் 12 அன்று நான் கையெழுத்துப் போட்ட எல்லாத் தாள்களின் நகலும், 2022 ஆகஸ்ட் ஜாமீன் பத்திரத்தின் நகலும் எனக்கு வேண்டும்.

இந்த விவகாரம் தீரும் வரை அந்தப் பையை ஏலத்துக்கோ வேறு கிளைக்கோ அனுப்பக் கூடாது. திருப்பித் தர வேண்டிய நேரத்தில் தராமல் வைத்திருக்கும் பொருளுக்கு அந்த நேரத்திலிருந்து ஏற்படும் இழப்புக்கும் சேதத்துக்கும் வைத்திருப்பவரே பொறுப்பு என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் இருக்கிறது. எங்களைப் பொறுத்தவரை அந்த நேரம் மே 26, பிற்பகல் மூன்று மணி.

ஆட்டோக் கடனைத் தனியாக எடுங்கள். கூட்டுக்காரரின் தவணை மாற்ற மனுவுக்குப் பதில் சொல்லுங்கள். ஜாமீன்தாரராக என்னையும் அவரையும் ஒரே நாளில் கூப்பிடுங்கள், இரண்டு பேரும் வந்து உட்கார்ந்து பேசுகிறோம். பால் வெட்டுகிறவருக்கும் குளச்சல் அம்மாவுக்கும் அவர்கள் நகை ஏன் நிற்கிறது என்பதை எழுத்தில் கொடுங்கள்.

ஜூலை 23 மாலை வரை காத்திருப்பேன். 24ஆம் தேதி காலையில் குறைதீர்ப்பாளருக்குப் புகார் போகும். அங்கேயும் தீராவிட்டால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பகலில் தோட்டத்தில் இருப்பேன், தொலைபேசி எடுக்க முடியாமல் போகலாம். கடிதத்தை வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள், என் மனைவி வாங்கி வைப்பாள்.

இப்படிக்கு,
கடன் எண் 4417இன் கடன்தாரர்,
தேனீ வளர்ப்பவர், மார்த்தாண்டம் அருகே, கன்னியாகுமரி மாவட்டம்
14 ஜூலை 2025